மனம் துணிகிறது, கை தாங்குமா? பத்து காஜாவில் இரண்டு வீடுகளின் முதலீட்டுக் கணக்கு

பத்து காஜா வட்டாரத்தில் இருக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட வீடுகள்தாம் இவை. ஆனால் இவற்றைப் போன்ற வீடுகள் ஈப்போவிலிருந்து தஞ்சோங் துவாலாங் வரை எல்லாத் தாமான்களிலும் உண்டு.

முதல் வீட்டில் இருப்பவர் 60 வயதுப் பெரியவர். இளமையில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியபின் டவுனுக்கு வந்து லோரி ஓட்டினார். போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இபிஎஃப் கணக்கில் 150,000 ரிங்கிட் இருக்கிறது. வாழ்க்கையில் எதற்கும் பயந்தவர் அல்லர்.

இரண்டாவது வீட்டில் 34 வயதுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அரசு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். கணவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான்கு வயதில் ஒரு மகள். அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் ஆசிரியையின் பங்காக 40,000 ரிங்கிட் வந்தது. அதை நிரந்தர வைப்பில் போட்டு வைத்திருக்கிறார். பங்குச் சந்தை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வயிறு கலங்கும்.

யூனிட் டிரஸ்ட் விற்கும் இளைஞர் ஒருவர் இரண்டு வீட்டுக்கும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இபிஎஃப்-இல் ஐந்து, ஆறு விழுக்காடுதான் அங்கிள். இந்த ஃபண்டு போன வருசம் பதினாலு போட்டது" என்கிறார். பெரியவர் உடனே, "சரி தம்பி, பாதிப் பணத்தைப் போட்டுடலாம். நான் பார்க்காத நட்டமா?" என்கிறார். ஆசிரியையோ, "வேணாம் தம்பி, எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்று அனுப்பிவிடுகிறார்.

இரண்டு பேருமே தங்கள் மனத்தைக் கேட்டுத்தான் பதில் சொன்னார்கள். வீட்டுக் கணக்கைக் கேட்டிருந்தால் பதில் தலைகீழாக வந்திருக்கும். நட்டத்தைத் தாங்க முடியாத வீடு பெரியவருடையது. தாங்கக்கூடிய வீடு ஆசிரியையுடையது.

துணிச்சல் வேறு, தாங்குசக்தி வேறு

பணம் குறையும்போது பதறாமல் இருக்க முடிகிற மனநிலையைத் துணிச்சல் என்போம். அது குணம், வளர்ப்பு, பழைய அனுபவம் ஆகியவற்றால் அமைவது. பணம் குறைந்தாலும் வீட்டுச் செலவும் கடமைகளும் தடைபடாமல் நடக்கிற நிலையைத் தாங்குசக்தி என்போம். வருமானம், செலவு, கடன், வயது, அந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பவை அதை முடிவு செய்கின்றன. துணிச்சலைப் பேசிப் பார்த்து அறியலாம். தாங்குசக்தியைத் தாளும் பேனாவும் எடுத்துக் கூட்டிக் கழித்துத்தான் அறிய முடியும்.

யூனிட் டிரஸ்ட் விற்பவர்கள் வாங்குபவரிடம் ஒரு பொருத்தமறியும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது இந்நாட்டு நடைமுறை. வயது, வருமானம், முதலீட்டு நோக்கம், நட்டம் வந்தால் என்ன செய்வீர்கள் போன்ற கேள்விகள் அதில் இருக்கும். கேள்விகளில் குறை ஒன்றுமில்லை. எல்லாப் பதில்களுக்கும் புள்ளி போட்டு ஒரே கூட்டலாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. துணிச்சலுக்குப் பத்தில் ஒன்பதும் தாங்குசக்திக்குப் பத்தில் இரண்டும் வாங்கியவருக்கு, சராசரி ஐந்தரை வரும். "மிதமான முதலீட்டாளர்" என்று முத்திரை விழும். பெரியவரின் நிலை மிதமானது அல்ல. அவருடைய நிலை அந்த இரண்டுதான். பாலம் பத்து டன் தாங்கும், லோரி முப்பது டன் இழுக்கும் என்றால், சராசரியாக இருபது டன் ஏற்ற யாரும் துணிய மாட்டார்கள். இரண்டில் குறைந்ததே எல்லை.

இதைச் சமுதாயம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1982-இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை சுமார் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட். தோட்டத் தொழிலாளர்கள் பலர் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினார்கள் என்பது இன்றும் பேசப்படுவது. நிறுவனம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 2010-இல்தான் ஒரு பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, போட்ட பணமே முழுதாகத் திரும்பாத நிலை.

நிர்வாகத்தைப் பற்றிய வாதங்கள் தனி. இங்கே பார்க்க வேண்டியது வேறு. ஒரே பங்கு, ஒரே விலை. ஆனால் ஒரே நட்டமல்ல. கடை வைத்திருந்தவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி குறைந்தது. தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கியவருக்கு வட்டி மாதா மாதம் ஓடியது, பங்கு அசையாமல் கிடந்தது. அன்று பங்கு வாங்கிய தொழிலாளிக்குத் துணிச்சலும் நம்பிக்கையும் நிறையவே இருந்தன. அவருடைய தாங்குசக்தியை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.

பெரியவரின் கணக்கு

முதலில் மாதச் செலவு. வாடகை இல்லை, வீடு சொந்தம். சாப்பாடு, மருந்து, மின்சாரம், மோட்டார், கோயில், கல்யாணம் காட்சி எல்லாம் சேர்ந்து 2,200 ரிங்கிட். மகன் மாதம் 500 தருகிறார். மனைவி பலகாரம் செய்து விற்பதில் 300 வருகிறது. மீதி 1,400 ரிங்கிட்டை 150,000-இலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 16,800.

பணத்தை இபிஎஃப்-இலேயே விட்டு வைத்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு வருகிறது என்று எடுத்துக்கொண்டால், இந்தப் பணம் ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஓடும். அதாவது அவருக்கு 72 வயது வரை. 5 விழுக்காடு என்பது மிகையான எதிர்பார்ப்பு அல்ல. வழக்கமான சேமிப்புக்கு 2020 முதல் 2024 வரை இபிஎஃப் தந்த ஈவு 5.20-க்குக் கீழே இறங்கவில்லை, 6.30-க்கு மேலே ஏறவில்லை.

72 வயதில் பணம் தீர்ந்துவிடும் என்பது பெரியவருக்கும் தெரியும். அதனால்தான் பதினாலு விழுக்காடு காதில் இனிக்கிறது. இங்கே மூன்றாவதாக ஒன்று உள்ளே நுழைகிறது. அதுதான் தேவை. நம்மவர்களில் பலர் துணிந்து போடுவதற்குக் காரணம் குணம் மட்டுமல்ல, பற்றாக்குறை. "இது போதாது, அதனால் அதிகம் கிடைக்கிற இடத்தில் போட வேண்டும்" என்கிற எண்ணம். தேவை அதிகம் என்பதால் தாங்குசக்தி கூடிவிடாது. பணம் பற்றாத வீட்டில்தான் நட்டம் அதிகமாக வலிக்கும்.

சந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 2008-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 39 விழுக்காடு சரிந்தது. பெரியவர் எல்லாப் பணத்தையும் பங்கு ஃபண்டில் போட்டிருந்து, முதல் ஆண்டே 40 விழுக்காடு போய்விட்டால், 150,000 என்பது 90,000 ஆகும். சந்தை விழுந்தது என்பதற்காக அரிசிக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். அந்த ஆண்டின் 16,800-ஐயும் எடுத்தாக வேண்டும். மீதி 73,200. சந்தை அங்கேயே நின்றுவிட்டால், அதே செலவுக்கு நாலரை ஆண்டுகூட வராது.

"சந்தை திரும்ப ஏறும்" என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலும் ஏறும். ஆனால் 73,200 மறுபடி 150,000 ஆக வேண்டுமென்றால் பணம் இரட்டிப்பதற்கும் மேலாக வளர வேண்டும். அதுவும் இடையில் ஒரு சென்னும் எடுக்காமல். இவரால் எடுக்காமல் இருக்க முடியாது. விலை அடிமட்டத்தில் இருக்கும்போது மாதா மாதம் விற்றுச் சாப்பிட வேண்டிய வீட்டுக்கு, சந்தை பிறகு ஏறினாலும் ஏறுவதற்குக் கையில் யூனிட் மிஞ்சியிருக்காது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியைத் தொட்ட குறியீடு 1998 செப்டம்பர் முதல் தேதி 262-க்கு விழுந்தது. பழைய உயரத்தை மறுபடி தொட்டது 2007-இல். பத்து ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள்.

அப்படியானால் பெரியவருக்கு வழி என்ன? இரண்டு வழிகளைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். முதல் வழி, அதிக வருமானம் தேடுவது. எல்லாம் நல்லபடி நடந்து, ஓர் ஆண்டுகூடத் தவறாமல் 8 விழுக்காடு கிடைத்தால், 12 ஆண்டு ஓடிய பணம் 16 ஆண்டு ஓடும். இரண்டாவது வழி, மாதப் பற்றாக்குறையை 1,400-இலிருந்து 1,000 ஆக்குவது. பள்ளி வேன் ஓட்டுபவருக்குக் காலை வேளையில் துணையாகப் போவதில் ஒரு 250, ஆஸ்ட்ரோவையும் இரண்டாவது மோட்டாரையும் விடுவதில் ஒரு 150. அதே 5 விழுக்காட்டில் பணம் ஏறக்குறைய 20 ஆண்டு ஓடும். அதாவது 80 வயது வரை.

மாதம் 400 ரிங்கிட் குறைப்பது, எந்த இடரும் இல்லாமல், வெற்றி பெற்ற சூதாட்டத்தைவிட நான்கு ஆண்டு அதிகம் தருகிறது. விலைவாசி ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஏறுகிறது என்று சேர்த்துப் பார்த்தால் இந்தக் காலம் எல்லாமே சுருங்கும். 12 ஆண்டு 10 ஆகும், 16 என்பது பன்னிரண்டரை ஆகும், 20 என்பது 15 ஆகும். அப்போதும் வரிசை மாறவில்லை. தாங்குசக்தி குறைந்த வீட்டுக்கு, வருமான விகிதத்தைக் காட்டிலும் பற்றாக்குறையைக் குறைப்பதுதான் வலுவான பிடி.

இபிஎஃப் ஏன் தாங்குகிறது?

"பங்கு ஆபத்து என்றால் இபிஎஃப் மட்டும் ஏன் பங்கில் போடுகிறது?" என்று பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இபிஎஃப் தன் சொத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைப் பங்குகளில்தான் வைத்திருக்கிறது. 2008-இல் சந்தை 39 விழுக்காடு சரிந்தபோதும் அது சந்தாதாரர்களுக்கு 4.50 விழுக்காடு ஈவு கொடுத்தது.

அதன் தாங்குசக்தி வேறு. ஒவ்வொரு மாதமும் இலட்சக்கணக்கான தொழிலாளர்களின் சந்தா புதிதாக உள்ளே வருகிறது. பெரும்பாலானோர் 55 வயதுக்கு முன் முழுத் தொகையையும் எடுக்க முடியாது. கையில் கடன் பத்திரங்களின் வட்டியும் வருகிறது. ஆகவே சந்தை விழுந்த நேரத்தில் விற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. விழுந்த விலையில் வாங்கவும் முடியும். அதே பங்கைப் பெரியவர் தன் கையில் வைத்திருந்தால், அவர் விற்றுத்தான் ஆக வேண்டும்.

பணத்தை இபிஎஃப்-இலேயே விட்டு வைப்பவருக்கு, பங்குகளின் வளர்ச்சி ஓரளவு ஏற்கெனவே கிடைக்கிறது. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு என்று சட்டமும் இருக்கிறது. 60 ஆனதும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடுக்கலாம்.

ஆசிரியையின் கணக்கு

ஆசிரியை வீட்டில் இருவரின் சம்பளமும் பிடித்தம் போகக் கைக்கு 7,000 ரிங்கிட் வருகிறது. வீட்டுக் கடன், கார், பாலர் பள்ளி எல்லாம் சேர்த்துச் செலவு 5,400. மாதம் 1,600 மிஞ்சுகிறது. ஆபத்து அவசரத்துக்கு என்று 30,000 ரிங்கிட் தனியாக இருக்கிறது. ஐந்தரை மாதச் செலவுக்கு அது போதும். நிலம் விற்ற 40,000 அதற்கு மேல். அந்தப் பணம் மகளின் மேற்படிப்புக்கு. அதற்கு இன்னும் 14 ஆண்டு இருக்கிறது.

இந்த 40,000 முழுவதும் பங்கு ஃபண்டில் இருந்து 40 விழுக்காடு போனால், நட்டம் 16,000. மனம் கசக்கும். ஆனால் அந்த மாதம் வீட்டில் எதுவும் நிற்காது. மாதம் மிஞ்சும் 1,600-ஐ வைத்துப் பத்து மாதத்தில் அந்தப் பள்ளத்தை மூடிவிடலாம். ஒரு வீட்டின் தாங்குசக்தியை அறிய இது எளிய சோதனை. விழுந்த தொகையைச் சொந்தச் சேமிப்பால் மூட எத்தனை மாதம் ஆகும்? ஆசிரியைக்குப் பத்து மாதம். பெரியவருக்கு மூட வழியே இல்லை. அவர் வீட்டில் மிச்சம் இல்லை, பற்றாக்குறைதான் இருக்கிறது.

ஆசிரியைக்கு இன்னொரு வலுவும் உண்டு. சந்தை விழுந்தாலும் அவருடைய சம்பளம் விழாது. இதன் அருமை கிந்தா பள்ளத்தாக்குக்கு நன்றாகத் தெரியும். 1985 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலையைத் தாங்கிப் பிடித்துவந்த பன்னாட்டு ஈயக் கவுன்சிலிடம் பணம் தீர்ந்துபோனதே காரணம். ஈய விலை சரிந்தது, இந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அன்று ஈயச் சுரங்கத்தில் வேலையும் செய்து, சேமிப்பை ஈயக் கம்பெனிப் பங்கிலும் வைத்திருந்த ஒருவருக்கு, சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் கண்டிருக்கும். வருமானம் வருகிற இடமும் பணம் போடுகிற இடமும் ஒன்றாக இருந்தால், தாங்குசக்தி தாளில் தெரிவதைவிடக் குறைவு. ஆசிரியைக்கு இரண்டும் வேறு வேறு.

ஆனாலும் அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு. 40,000 ரிங்கிட் நிரந்தர வைப்பில் ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டில் இருந்தால், 14 ஆண்டில் சுமார் 56,500 ஆகும். சராசரியாக 6 விழுக்காடு கிடைத்தால் சுமார் 90,000. இந்த இரண்டாவது தொகைக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் முதல் தொகையில் விலைவாசி உயர்வைக் கழித்தால் வளர்ச்சி என்று சொல்ல அதிகம் இருக்காது. பெரியவருக்கு வரும் ஆபத்து ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியும். ஆசிரியைக்கு வருவது 14 ஆண்டு கழித்து, கல்லூரிக் கட்டண ரசீதில் தெரியும்.

அதனால் எல்லாவற்றையும் பங்கில் போடுங்கள் என்று அவரைத் தள்ளுவது சரியா? சரியல்ல. அவர் 2020 தொடக்கத்தில் 5,000 ரிங்கிட்டுக்கு யூனிட் டிரஸ்ட் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2019 முடிவில் 1,588-இல் இருந்த குறியீடு 2020 மார்ச் 19-ஆம் தேதி 1,219-க்கு இறங்கியது. பயந்து விற்றுவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் குறியீடு 1,627-க்கு ஏறிவிட்டது. வாங்கியதும் விற்றதும் அவர் விருப்பம்தான், நட்டமும் அவருடையதே. கை தாங்கியது, மனம் தாங்கவில்லை. அடிமட்டத்தில் விற்றுவிடுபவருக்குத் தாங்குசக்தி இருந்தும் பயனில்லை. படிவத்தில் எழுதும் பதிலைவிட இப்படிப்பட்ட பழைய நடத்தையே ஒருவரின் துணிச்சலுக்கு நம்பகமான சாட்சி.

எவ்வளவு போடலாம்? ஒரே சூத்திரம், இரண்டு எல்லை

விழுக்காட்டில் கேட்டால் யாருக்கும் சரியான பதில் வராது. "20 விழுக்காடு இறங்கினால் பரவாயில்லையா?" என்றால் பலர் தலையாட்டுவார்கள். "எட்டாயிரம் வெள்ளி போனால் பரவாயில்லையா?" என்றால்தான் யோசிப்பார்கள். ஆகவே ரிங்கிட்டில் கேட்க வேண்டும். தாங்கக்கூடிய நட்டம் எவ்வளவு என்று முடிவு செய்து, அதை 0.4-ஆல் வகுத்தால், பங்கு ஃபண்டில் போடக்கூடிய அதிகபட்சத் தொகை வரும். 0.4 என்பது 2008 போன்ற ஓர் ஆண்டின் சரிவு. 1998-ஐப் போல அதைவிட மோசமாகவும் விழலாம். ஆகவே இது கீழ்த்தளம் அல்ல, ஓர் அளவுகோல் மட்டும்.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீடும் இரண்டு முறை கேட்க வேண்டும். ஒருமுறை மனத்திடம், ஒருமுறை வீட்டுக் கணக்கிடம்.

பெரியவரின் மனம், "75,000 போனாலும் அழமாட்டேன்" என்கிறது. 0.4-ஆல் வகுத்தால் 187,500. அவரிடம் இருக்கும் பணத்தைவிட அதிகம். அவர் வீட்டுக் கணக்கோ, ஒரு தீபாவளிச் செலவைச் சுருக்கிச் சமாளிக்கக்கூடிய 2,000 ரிங்கிட்டைத்தான் தாங்கும் என்கிறது. வகுத்தால் 5,000. இரண்டில் குறைந்தது 5,000. அதுவே அவர் எல்லை.

ஆசிரியையின் வீட்டுக் கணக்கு 16,000 நட்டம் வரை தாங்கும். வகுத்தால் 40,000. மனமோ, "மூவாயிரம் வரைக்கும் பொறுத்துக்குவேன்" என்கிறது. வகுத்தால் 7,500. குறைந்தது 7,500. இன்றைக்கு அதுவே அவர் எல்லை.

தொகைகள் அருகருகே வந்துவிட்டன. காரணங்கள்தாம் வேறு. பெரியவரின் 5,000 என்பது நிலையான சுவர். எவ்வளவு கருத்தரங்குக்குப் போனாலும் அது நகராது. பற்றாக்குறை குறைந்தால்தான் நகரும். ஆசிரியையின் 7,500 என்பது திறக்கக்கூடிய கதவு. சந்தையைப் பற்றிப் புரிந்துகொள்ளும்போது, ஒரு சரிவை விற்காமல் கடந்து வரும்போது, அது மெல்லத் திறக்கும். ஒருவருக்கு ஆலோசனை சொல்பவர் இந்த வேறுபாட்டை அறியாவிட்டால், பெரியவரின் சுவரில் முட்டுவார், ஆசிரியையின் கதவைப் பூட்டிவிட்டுப் போவார்.

ஒரு தாளில் எழுதிய கொள்கை

முதலீட்டுக் கொள்கை என்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. சந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு தாளில் எழுதி, கணவன் மனைவி இருவரும் படித்துக் கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்தால் போதும். சந்தை விழும் நாளில் மனத்துக்குப் பதிலாக அந்தத் தாள் பேசும்.

பெரியவர் வீட்டுத் தாளில் இப்படி எழுதலாம்: "இந்தப் பணம் எங்கள் இருவரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். மாதம் 1,000-க்கு மேல் எடுப்பதில்லை. 12,000 வங்கியில் மருத்துவ அவசரத்துக்கு. 133,000 இபிஎஃப்-இலேயே இருக்கும். 5,000-க்கு மேல் எந்த ஃபண்டிலும் பங்கிலும் போடுவதில்லை. யார் சொன்னாலும், மருமகன் சொன்னாலும், தாளைத் திறந்து பார்க்காமல் பணம் எடுப்பதில்லை. கடன் வாங்கி முதலீடு செய்வதில்லை."

ஆசிரியை வீட்டுத் தாள் வேறு மாதிரி இருக்கும்: "30,000 அவசரப் பணம், தொடுவதில்லை. 40,000-இல் 7,500 பங்கு ஃபண்டுக்கு, ஒரே நாளில் அல்லாமல் மாதம் 500 வீதம் 15 மாதத்தில். விலை இறங்கினாலும் நிறுத்துவதில்லை, விற்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து பார்ப்போம். ஒரு சரிவை விற்காமல் கடந்திருந்தால் எல்லையை உயர்த்துவோம். மகளுக்கு 14 வயதானதும் ஃபண்டில் உள்ளதைப் படிப்படியாக வைப்புக்கு மாற்றுவோம்."

கடைசி வரி முக்கியமானது. மகளின் கல்லூரி நெருங்க நெருங்க, அந்தப் பணத்தைப் பொறுத்தவரை ஆசிரியையின் தாங்குசக்தியும் குறைகிறது. அடுத்த ஆண்டு கட்டணம் கட்ட வேண்டிய பணத்துக்கு, சரிவிலிருந்து எழ நேரம் கிடையாது. அப்போது அவர் நிலை இன்றைய பெரியவரின் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரே ஆளிடம் உள்ள அவசரப் பணம், படிப்புப் பணம், ஓய்வுக்காலப் பணம் மூன்றுக்கும் வெவ்வேறு தாங்குசக்தி உண்டு. வேலை போதல், நீண்ட நோய், புதிய வீட்டுக் கடன், ஓய்வு ஆகிய எதுவும் நேர்ந்தால் தாளை மறுபடி எழுத வேண்டும். சந்தை ஏறியது, இறங்கியது என்பதற்காக எழுதக்கூடாது.

தவறான இடத்தில் இருக்கிறோம் என்பதைச் சில அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும். ஃபண்டின் விலையைத் தினமும் கைப்பேசியில் பார்க்கத் தோன்றினால், துணிச்சலின் எல்லையைத் தாண்டியாயிற்று. மாதச் செலவுக்கு ஃபண்டிலிருந்து விற்க வேண்டி வந்தாலோ, விலை ஏறினால்தான் இந்த மாதத் தவணையைக் கட்ட முடியும் என்றாலோ, தாங்குசக்தியின் எல்லையைத் தாண்டியாயிற்று. முதலாவது நிலையில் தொகையைக் குறைத்தால் தூக்கம் திரும்பும். இரண்டாவது நிலையில் காத்திருப்பதற்கே நேரமில்லை. வங்கி வைப்புக்கு ஒரு வங்கிக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் காப்பு உண்டு. யூனிட் டிரஸ்டுக்கு அந்தக் காப்பு கிடையாது.

அந்த இளைஞர் அடுத்த மாதமும் வருவார். படிவத்தை நீட்டுவார். "உங்களுக்கு எவ்வளவு தைரியம் அங்கிள்?" என்பதுதான் அதன் சாரமாக இருக்கும். பெரியவர் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தப் பணத்தில் பத்தில் நாலு போச்சுன்னா, அடுத்த மாதம் ஆயிரம் வெள்ளிக்கு நான் எங்க போறது தம்பி?" இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பட்டும்.